அம்மா கூடுதலாக இருந்த பதினைந்து நாள்

அம்மாவின் பெயருக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை நான்தான் திறப்பேன். ஒன்பது வயதிலிருந்து அதுதான் வழக்கம். அப்போது தபால்பெட்டியில் உறைகளாக வந்தன, இப்போது தொலைபேசியில் வருகின்றன. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதற்கும் முன்பே நின்றுவிட்டார். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளியை முடித்து, அதற்கு மேலும் படித்து, ஒரு தொழிலுக்குப் போன முதல் ஆள் நான். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. ஒவ்வொரு இரத்தக் குழாயிலும் பெயரையும் திகதியையும் இரண்டு முறை பார்த்த பிறகே கையில் எடுப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. டென்மார்க்கில், இந்த ஹேர்னிங் நகரில் எங்கள் ஆட்களின் எத்தனையோ வீடுகளுக்கு நான் கடிதம் வாசித்துக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் அந்தக் கடிதத்தையும் மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில், நின்றுகொண்டே, சாதாரணமாகத்தான் திறந்தேன். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்திருந்தது. அம்மா பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டென்மார்க்குக்கு வெளியே இருந்ததாகத் தங்களுக்குத் தெரியவந்திருக்கிறது என்றும், அவருடைய நிரந்தர வதிவிட அனுமதி இல்லாமற்போய்விட்டதா என்று ஆராய்கிறார்கள் என்றும், சொல்ல ஏதாவது இருந்தால் குறித்த நாளுக்குள் எழுதும்படியும் அதில் இருந்தது.

மூன்று தரம் வாசித்தேன். 'தெரியவந்திருக்கிறது' என்ற இடத்திலேயே கண் நின்றது. யார் மூலம் தெரியவந்தது என்று அவர்கள் எழுதவில்லை.

நடந்தது இதுதான். முந்தைய கோடையில் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்கு விடுமுறைக்குப் போனார்கள். போய் இருபத்து மூன்றாம் நாள் அப்பா நெஞ்சு நோவென்று சொல்லி மர வாங்கில் சாய்ந்தார், எழும்பவில்லை. நான் அடுத்த விமானத்தில் போனேன். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, நான் ஒருத்திதான். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான் திரும்பியபோது அம்மா வரவில்லை. வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசம் முடியும்வரை, அப்பா இறந்த சித்தப்பாவின் வீட்டிலேயே தங்கி மாதாமாதம் மாசிகம் செய்விக்க வேண்டும், அதற்குள் கடல் தாண்ட மாட்டேன் என்றார். சித்தப்பாவும் அதைத்தான் விரும்பினார்.

அப்போது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பிள்ளை, அங்கத்தைய சட்டத்திலை ஒரு வருசம் இருக்கலாமோ?"

"ஓம். பன்னிரண்டு மாசம் இருக்கலாம். நான் வாசிச்சனான்."

வாசித்தது உண்மை. எண்ணியதில்தான் பிழை. அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் நாள் எல்லாம் அப்பாவின் சாவிலிருந்துதான் எண்ணப்பட்டது. எட்டாம் நாள், அந்தியேட்டி, முதல் மாசிகம், ஆறாம் மாசிகம் என்றுதான் பேச்சு. தொலைபேசியில் அம்மாவோடு பேசினாலும் சித்தப்பாவோடு பேசினாலும் அதே கணக்கு. திதிப்படி பார்த்ததில் ஆட்டைத் திவசம் வருடம் முடிவதற்குப் பதினொரு நாள் முன்னதாகவே வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்து, திவசம் முடிந்து மூன்றாம் நாள் அம்மா இங்கே வந்து இறங்கும்படி விமானச்சீட்டு எடுத்தேன். அப்பா செத்து ஒரு வருடம் நிறைய எட்டு நாள் மிச்சம் என்று ஐயருக்குக்கூடச் சொன்னேன். சட்டம் எண்ணுவது சாவிலிருந்து அல்ல. டென்மார்க்கை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து. அந்த இருபத்து மூன்று நாள் என் கணக்கில் இல்லாமலே போய்விட்டது. இருபத்து மூன்றில் எட்டுப் போக, அம்மா பதினைந்து நாள் பிந்தி வந்தார்.

வந்தபோது விமான நிலையத்தில் வதிவிட அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அட்டையில் இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அனுமதி தானாகவே செத்துப்போகும், அட்டை மட்டும் உயிரோடு இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடிதம் வந்த அன்றே எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் கீழ் மாடியில் இருக்கும் அன்ரி. முதியோர் இல்லத்தில் வேலை. கோயிலில் பிரசாதப் பொறுப்பு. யார் வீட்டில் என்ன கார் வாங்கினார்கள், யாருடைய மகன் எந்தப் பெட்டையோடு ஹோர்சன்ஸ் ஸ்டேஷனில் நின்றான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அம்மா வந்த கிழமையே படிக்கட்டில் என்னை மறித்தார்.

"உன்ரை அம்மா எப்ப போனவ? போன வருசம் சமர் லீவுக்கே? அப்ப வருசம் தாண்டிட்டுதோ?"

நான் தாண்டவில்லை என்றேன். அவர் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். அந்த விரல்கள் இரண்டு மாதம் என் தலைக்குள் மடிந்துகொண்டே இருந்தன. முன்பொருமுறை யாரோ தன் வீட்டு அறையை வாடகைக்கு விட்டதைக் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, சொன்னது இவர்தான் என்று ஒரு கதை இருந்தது. யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கு நிரூபணம் தேவைப்படவுமில்லை. படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் அம்மாவைப் பேசவேண்டாம் என்று கைகாட்டுவேன். அம்மாவுக்கு விளங்கவில்லை.

"அவ என்ன செய்யப் போறா? போன கிழமையும் பூசணிக்காய் தந்தவ."

"அதுதானம்மா. ஏன் தந்தவ?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளையை நான் இவ்வளவு படிப்பித்திருக்க வேண்டாமோ என்ற கேள்வி இருந்ததுபோல எனக்குப் பட்டது.

கோயிலிலும் செய்தி பரவியிருந்தது. ஆளாளுக்கு ஒரே மருந்தைச் சொன்னார்கள். 'ஹியுமனிட்டேர்' என்ற மனிதாபிமான விண்ணப்பம் போடு, கணவனை இழந்த பெண், இரக்கம் பார்ப்பார்கள் என்றார்கள். நான் யாரையும் நம்பாமல் ஓஹூஸ் நகரில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க டேனிஷ் பெண். அவர் மேசையில் காகிதக் குவியல் இல்லை, ஒரு பேனாகூட இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஹியுமனிட்டேர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெயரில் ஓர் அனுமதி இருக்கிறது, அது அகதித் தஞ்சம் கோரி இங்கே பதிவாகியிருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால், அமைச்சுக்குத்தான் அதை அனுப்ப வேண்டும், உங்கள் அம்மாவுக்கு அந்த வாசலே இல்லை என்றார். பிறகு மற்ற வாசல்களையும் ஒவ்வொன்றாக மூடிக் காட்டினார். கணவன் வழியாக வர முடியாது, கணவன் இல்லை. மகள் வழியாக வர முடியாது, மகளுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளிடம் வயதான பெற்றோர் வந்து சேரும் வழி இந்த நாட்டில் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. வேலை வழியாகவும் வர முடியாது, அம்மா செய்துவந்த மருத்துவமனைத் துப்புரவு வேலைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை.

"சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, சிறு பிள்ளைகள்," என்றார். "நீங்கள் இருவரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறீர்கள்."

அம்மா இங்கே வந்து இருபத்தெட்டு வருடம் என்றேன். என்னை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தவர், நான் இங்கே பிறந்து குடியுரிமையும் எடுத்துவிட்டேன் என்றேன். அம்மா ஏன் குடியுரிமை எடுக்கவில்லை என்று கேட்டார். எழுத்துப் பரீட்சை என்றேன். அம்மா பதினொரு வருடம் தையல் தொழிற்சாலையில் ஜாக்கெட் தைத்தார், அது போலந்துக்குப் போனதும் மருத்துவமனையில் நிலம் துடைத்தார். டேனிஷ் நன்றாகப் பேசுவார், கேட்டால் எல்லாம் விளங்கும். எழுதச் சொன்னால் கை நிற்கும். இரண்டு தரம் போய் எழுதிவிட்டு, மூன்றாம் தரம் வரமாட்டேன் என்றார்.

சட்டத்தரணி சொன்ன வழி இரண்டு படி கொண்டது. முதலில், இன்ன காரணத்தால் பிந்தியது, அனுமதி இல்லாமற்போகவில்லை என்று கருதுங்கள் என்று கேட்பது. அது முடியாவிட்டால், வேறெந்த வகையிலும் அடங்காத ஆட்களுக்கென்று சட்டத்தில் இருக்கும் சிறிய ஒரு பந்தியின் கீழ், மிகச் சிறப்பான காரணங்களுக்காகப் புதிதாக ஓர் அனுமதி கேட்பது. முதலாவதற்கு, பன்னிரண்டு மாதம் முடிவதற்கு முன் கேட்டிருந்தால் கதை வேறு. இப்போது கேட்பதென்றால், அம்மாவால் திரும்ப முடியாமல் போனது ஏன் என்று காட்ட வேண்டும்.

"திரும்ப விரும்பவில்லை என்பது காரணம் ஆகாது. சடங்குக்காக நின்றார் என்பது, அவர்கள் பார்வையில், தானாக எடுத்த முடிவு. நோய் என்றால் வேறு."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதில் ஒரு கதவு காட்டியதுபோல இருந்தது. காட்டினாரா, என்னைச் சோதித்தாரா என்று ரயிலில் முழு வழியும் யோசித்தேன். தீர்ப்பு வரும்வரை அம்மா இங்கே இருக்கலாம், ஆனால் வேலைக்குப் போகக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அம்மாவின் பழைய மேற்பார்வையாளர் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் பொய் சொன்னேன்.

நோய் என்ற சொல்லைச் சித்தப்பாவிடம் சொன்னதுதான் தாமதம்.

"இதுக்கே இவ்வளவு யோசிக்கிறாய்? எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் இருக்கிறார். நெஞ்சு நோவு, பிறசர், பயணம் செய்யக்கூடாது எண்டு எழுதித் தருவார். திகதி மட்டும் நீ சொல்லு."

"சித்தப்பா, அம்மாவுக்கு ஒண்டும் இல்லையே."

"புருசன் செத்தவளுக்கு ஒண்டும் இல்லையோ? என்ன பிள்ளை நீ."

ஒரு கிழமையில் கடிதம் படமாக வந்தது. முத்திரை, கையெழுத்து, மூன்று வார ஓய்வு, விமானப் பயணம் ஆபத்து. மூன்று வாரமும் சரியாக எங்கள் பதினைந்து நாளை மூடியது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு நல்ல பொய்யைப் பார்த்தால் தெரியும். இது நல்ல பொய். நான் அதை டேனிஷில் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அன்ரியின் முகம் வந்தது.

அன்ரி அந்தத் தை மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். சித்தப்பா வீட்டுக்கும் போய் அம்மாவைப் பார்த்தார். யாரைப் பார்த்தாலும் படம் எடுத்துத் தன் பக்கத்தில் போடுகிற ஆள். ஆட்டைக்கும் அவருடைய தங்கை போய்ச் சோறு பரிமாறினாள். அம்மா படுக்கையில் கிடக்கவில்லை, நடமாடிக்கொண்டிருந்தார் என்று சொல்லவும் காட்டவும் அவரால் முடியும். கொம்யூனுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு பொய்க் கடிதம் பிடிபட்டால் பிறகு நாங்கள் எழுதும் எந்த உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பை நிறுத்தினேன். டொக்டரின் படத்தை அழித்தேன். நேர்மையால் அழித்தேன் என்று எழுத ஆசைதான். அழித்தது பயத்தால். அன்ரியின் மேல் எனக்கிருந்த பயத்தால். சித்தப்பா இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.

அடுத்த சண்டை அம்மாவோடு. சட்டத்தரணி கேள்விகள் அனுப்பியிருந்தார். இலங்கையில் யார் இருக்கிறார்கள், எப்படிப்பட்ட உறவு, எத்தனை தரம் பேசுவீர்கள், அங்கே எங்கே தங்குவீர்கள். இதெல்லாம் கேட்பது எதற்கென்று எனக்குத் தெரியும். அங்கே வேர் இருக்கிறதென்றால் அங்கேயே போகலாம் என்பார்கள். அம்மாவின் தாய் தகப்பன் இல்லை. ஓர் அண்ணன் போரில் போனார், அக்கா கனடாவில். மிச்சம் சித்தப்பா மட்டும். ஆகவே 'நெருங்கிய உறவினர் எவரும் இல்லை' என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார்.

"எனக்கு அங்கை ஆக்கள் இல்லையெண்டு நான் ஏன் எழுதவேணும்? ஒரு வருசம் வச்சுச் சோறு போட்டவங்கள். ஒருத்தரும் இல்லாத அநாதை எண்டு வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்திட்டு நான் பிறகு எந்த முகத்தோடை அந்த வாசலுக்குப் போறது?"

"போறதுக்கு இல்லையம்மா. இருக்கிறதுக்குத்தான் எழுதுறம்."

"இருக்கிறதுக்காக இல்லையெண்டு சொல்லேலாது."

எனக்கு அப்போது அம்மாவிலும் சந்தேகம் வந்தது. உண்மையிலே அவருக்கு இங்கே இருக்க விருப்பமா? அப்பாவின் சாம்பல் கீரிமலைக் கடலில். அங்கே ஒரு வருடம் அம்மாவுக்கு யாரும் கடிதம் வாசித்துக்காட்டத் தேவைப்படவில்லை, யாரும் அவருக்கு எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. ஒருவேளை இந்த மறுப்பே அங்கே திரும்பிப் போக ஒரு வழியோ? நேராகவே கேட்டேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மேசையைத் துடைத்தார். மேசை ஏற்கெனவே சுத்தம்.

"அங்கை எனக்குத் தந்த அறையிலை ஒரு பெட்டி வச்சிருந்தனான்," என்றார். "ஒரு வருசமும் அதைத் திறந்து உடுப்பை அலுமாரியிலை அடுக்கேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. அதை அப்படியே டேனிஷில் எழுதினேன். கணவனின் தம்பி இருக்கிறார், அவர் வீட்டில் ஓர் அறையில் ஒரு வருடம் இருந்தேன், அவர் என்னை நன்றாக நடத்தினார், பெட்டியை நான் பிரிக்கவில்லை. அம்மா கையெழுத்து வைத்தார். பெயரின் கடைசி எழுத்தை எப்போதும் போலக் கோட்டுக்குக் கீழே இறக்கினார்.

சட்டத்தரணி இதைப் படித்தார். பலவீனமாக இருக்கிறதா என்று கேட்டேன். உண்மையாக இருக்கிறது, பார்க்கலாம் என்றார். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. கூடவே, குடும்பத்துக்கு வெளியே உள்ள, அம்மாவை நீண்டகாலம் அறிந்த யாராவது ஒருவரின் கடிதம் வேண்டும் என்றார். புகழ்ச்சி வேண்டாம், கண்டதை எழுதட்டும். முடிந்தால் அந்த ஒரு வருடத்தில் அம்மாவை யாழ்ப்பாணத்தில் பார்த்த ஒருவர்.

அப்படி ஒருவர்தான் இருந்தார், கீழ் மாடியில். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் சட்டத்தரணி அம்மாவின் ஆவணக் கோவையைத் திணைக்களத்திடம் கேட்டு வாங்கியிருந்தார். சம்பந்தப்பட்டவருக்குத் தன் கோவையைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. எனக்கும் அனுப்பினார். இரவல் வாங்கிய பொருளைத் திறப்பதுபோல அதைத் திறந்தேன். அன்ரியின் பெயரைத் தேடினேன். பெயரில்லாத முறைப்பாடு, ஒரு தொலைபேசிக் குறிப்பு, ஏதாவது. கடைசிப் பக்கத்திலிருந்து முன்னே வந்தேன். முதல் பக்கத்தில் இருந்தது என் எழுத்து.

அம்மா போய் ஆறு மாதம் தாண்டியபோது, நீண்டகாலம் வெளியே இருப்பவரை மக்கள் பதிவேட்டில் வெளியேறியவராக அறிவிக்க வேண்டும் என்று படித்து, அம்மா தந்திருந்த அதிகாரத்தை வைத்து நானே கொம்யூனுக்கு அறிவித்திருந்தேன். புறப்பட்ட திகதியை மிகச் சரியாக எழுதியிருந்தேன். திரும்பி வந்ததையும் நானே அறிவித்தேன், வந்த திகதியோடு. வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பதிவதற்கு முன் அனுமதி செல்லுமா என்று கொம்யூன் திணைக்களத்திடம் கேட்டிருக்கிறது. திணைக்களத்தில் யாரோ ஒருவர் என் இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். யாரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. புறப்பட்ட நாள் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதைப் படிவத்தில் எழுதியும் இருந்தேன். கணக்குப் பார்க்கும்போது மட்டும் அது என் மனதில் வரவேயில்லை.

கோவை கையில் இருந்தும், உடனே அன்ரியை நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இதில் அவர் இல்லை, வேறெதிலாவது இருப்பார் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் கீழே போனேன். அன்ரி வேலைச் சீருடையோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னேன். எழுதித் தருவீர்களா என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளும் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினாய். இப்ப கடிதம் வேணுமாக்கும்."

"ஓம் அன்ரி."

"நான்தான் சொல்லிக்குடுத்தனான் எண்டு நினைச்சனி."

மறுக்க நினைத்தேன். "ஓம்" என்றேன்.

அவர் வெங்காயத்தை நிறுத்தவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. நான் வாய் திறந்து கேக்கிறன், மற்றவை கேளாமல் இருந்து எழுதுகினம். அண்டைக்குப் படியிலை எண்ணினனான், ஞாபகமிருக்கோ? எண்ணினால் பதினைஞ்சு நாள் கூடுது. சொல்லுவமெண்டு பாத்தால், நீ படிச்ச பிள்ளை, தாண்டேல்லை எண்டு நிண்டாய். நான் ஆர் உனக்குச் சொல்ல?"

அவர் அன்று சொல்லியிருந்தாலும் பதினைந்து நாள் குறைந்திருக்காது, அம்மா வந்துவிட்டார். ஆனாலும் பிழை என்னுடையது என்று எனக்கு முன்பே அறிந்த ஓர் ஆள் கீழ் மாடியில் இருந்திருக்கிறார், எனக்குத்தான் அது தெரியவில்லை.

அன்ரி டேனிஷில் எழுதினார், முதியோர் இல்லத்தில் நாள் குறிப்பு எழுதும் அதே பாணியில். பத்தொன்பது வருடமாக அம்மாவை அறிவேன். ஒவ்வொரு வெள்ளியும் கோயில் பாத்திரங்களைக் கழுவுவார். என் கால் முறிந்தபோது ஆறு வாரம் எனக்குச் சமைத்தார். தை மாதம் யாழ்ப்பாணத்தில் அவரைப் பார்த்தேன். நோய் இல்லை. அறையில் இருந்தார், எவர் வீட்டுக்கும் போகவில்லை, கலியாணத்துக்கு அழைத்தும் வரவில்லை. எங்கள் ஆட்களில் கணவனை இழந்த பெண் முதல் வருடம் அப்படித்தான் இருப்பார், அது அவர் தேர்ந்ததல்ல, அப்படி இராவிட்டால் கணவனின் குடும்பம் அவரை மன்னிக்காது. எப்போது ஹேர்னிங் போகலாம் என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

'நோய் இல்லை' என்ற வரியை எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எடுக்கச் சொல்லவில்லை. சித்தப்பாவின் டொக்டர் கடிதம் போயிருந்தால் இந்தக் கடிதம் போயிருக்க முடியாது.

எல்லாவற்றையும் திணைக்களத்துக்கு அனுப்பினோம். ஓஹூஸில் அம்மாவின் விரல் அடையாளமும் படமும் எடுத்தார்கள். இயந்திரம் அம்மாவின் பெருவிரலை மூன்று தரம் ஏற்கவில்லை. சவர்க்காரத்திலும் கிருமிநாசினியிலும் தேய்ந்த விரல் என்று அந்த அலுவலரிடம் சொன்னேன். அவர் ஈரத் துணி கொடுத்தார். அம்மா அதை வாங்கி முதலில் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு காத்திருந்தோம். இலையுதிர்காலம் போய், பனி வந்து போயிற்று. அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். மஞ்சள் மருத்துவ அட்டையும் செல்லாததால், பல் வலித்தபோது கராம்பு வைத்தார். யாராவது மணி அடித்தால் எழும்பி நிற்பார். கடிதம் வருகிறதா என்று நான் ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு இடைவேளையிலும் தொலைபேசியைப் பார்த்தேன். தெரியாத வெள்ளைக் கார் தெருவில் நின்றால் இலக்கத்தைக் குறித்து வைத்தேன். அந்தக் காகிதம் எங்கேயோ இருக்கும்.

முடிவு வந்தபோது இரண்டு கடிதங்கள். முதலாவது ஐந்து பக்கம். நிரந்தர அனுமதி இல்லாமற்போய்விட்டது, திரும்ப முடியாத தடை எதுவும் இருந்ததாக அவர்கள் கருதவில்லை, எட்டு வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஒவ்வொரு வரியிலும் காரணம் இருந்தது. இரண்டாவது ஒன்றரைப் பக்கம். அந்தச் சிறிய பந்தியின் கீழ், மிகச் சிறப்பான காரணங்களுக்காக, தற்காலிக வதிவிட அனுமதி. இரண்டு வருடம். அதில் காரணமே இல்லை.

சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். எது அவர்களை அசைத்தது? இருபத்தெட்டு வருடமா, பெட்டியா, அன்ரியின் கடிதமா? கொடுக்கும்போது காரணம் எழுதமாட்டார்கள், மறுக்கும்போதுதான் எழுதுவார்கள் என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. நான் நிபந்தனைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முடிவதற்கு முன் நீடிக்கக் கேட்க வேண்டும். காரணங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று மறுபடி பார்ப்பார்கள். நிரந்தரத்துக்கு ஆண்டுகள் முதலிலிருந்து எண்ணப்படும், அந்த எழுத்துப் பரீட்சையும் அதற்குள் வந்துவிடும். இருபத்தெட்டு வருடம் இருந்தவர் நேற்று வந்தவர் ஆனார்.

அம்மா சமையலறையில் நின்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்பை அணைத்தார்.

"இருக்கலாமோ?"

"இருக்கலாம். ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசம் எந்த நாளிலையிருந்து?"

கடிதத்தை எடுத்து, வழங்கிய திகதியைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு அந்த எண்களை விரலால் தொட்டு, ஒவ்வொன்றாக, தானே வாசித்தார். பிறகு சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியைக் கழற்றி, பின்பக்க வெற்றிடத்தில் அந்தத் திகதியை எழுதித் தரச்சொன்னார். எழுதினேன். அவர் அதை வாங்கி, கடிதத்தோடு பக்கத்தில் வைத்து, நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்தார்.

"இன்னொருக்கா நீயும் பார்," என்றார்.